வீட்டில் இணையம் மெதுவா? வைஃபையா, லைனா? ஒரு கேபிள் சொல்லிவிடும்

உங்கள் வீட்டு இணைய ஒப்பந்தம் முடியப்போகிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து அழைப்பு வருகிறது. "இப்போ 1 ஜிபிபிஎஸ் வச்சிருக்கீங்க, 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறிடுங்க, மாசம் கொஞ்சம்தான் கூட."

சரி, மாறிடலாமே என்று தோன்றும். அறையில் காணொளி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸூம் வகுப்பில் ஆசிரியரின் முகம் உறைந்துபோகிறது. தம்பி விளையாட்டில் தோற்கும் ஒவ்வொரு முறையும் "லாக்" என்று கத்துகிறான்.

ஆனால் கையெழுத்துப் போட்டால் அது பெரும்பாலும் 24 மாதத்துக்கு. அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். மெதுவாக இருப்பது வீட்டுக்குள் வரும் இணைய லைனா? இல்லை, ரூட்டரிலிருந்து உங்கள் அறை வரை காற்றில் வரும் வைஃபையா?

லைனில் கோளாறு இல்லையென்றால், வேகமான லைன் வாங்குவதால் அறையில் ஒன்றும் மாறாது. குழாயின் வாய் அடைத்திருக்கும்போது தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்குவது போல.

இரண்டு வேறு வழிகள்

சிங்கப்பூர் வீடுகளுக்கு இணையம் கண்ணாடியிழைக் கம்பி வழியாக, அதாவது ஃபைபரில் வருகிறது. நீங்கள் எந்த நிறுவனத்திடம் திட்டம் வாங்கினாலும், வீட்டு வாசல் வரை வரும் அந்த இழை பெரும்பாலும் நெட்லிங்க் டிரஸ்ட் போட்டது. சுவரில் உள்ள சிறிய வெள்ளைப் பெட்டியில் அது முடியும். அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று ஓஎன்டி எனப்படும் கருவிக்குப் போகும். ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. அங்கிருந்து ஒரு கேபிள் ரூட்டருக்கு. சில வீடுகளில் ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

இதுவரை லைன். ரூட்டரிலிருந்து உங்கள் கைத்தொலைபேசி வரை வருவதுதான் வைஃபை.

நாம் இரண்டையும் சேர்த்து "வைஃபை ஸ்லோ" என்று சொல்லிவிடுகிறோம். பேச்சுக்குச் சரி. பணம் கட்டும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி, காற்றை வழியிலிருந்து எடுத்துவிடுவது. ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் நடுவே ஒரு கேபிளைப் போட்டு அளந்தால், வைஃபை கணக்கிலிருந்து விலகிவிடும். மிச்சமிருப்பது லைன் மட்டும்தான் (ரூட்டரும் கூடத்தான். அதைப் பிறகு பார்ப்போம்).

என்ன வேண்டும்?

ஒரு மடிக்கணினி, ஒரு நெட்வொர்க் கேபிள். கேபிளின் மேலுறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ரூட்டர் வாங்கிய பெட்டியில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். இல்லையென்றால் சிம் லிம் ஸ்குவேரிலோ முஸ்தஃபாவிலோ கிடைக்கும்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் கேபிள் செருகும் துளை இருக்காது. அதற்கு யுஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். வாங்கும்போது அதில் "கிகாபிட்" என்றோ 1000 என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்க. மலிவான சில அடாப்டர்கள் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பழைய யுஎஸ்பி 2.0 வகை, கிகாபிட் என்று பெயர் போட்டிருந்தாலும், பாதி வழிகூட எட்டாது.

சோதனை எப்படி?

முதலில், எங்கே மெதுவாக இருக்கிறதோ அங்கேயே உட்காருங்க. உங்கள் அறை என்றால் அறையில், கதவு வழக்கம்போல் எப்படி இருக்குமோ அப்படி. விபிஎன் இருந்தால் நிறுத்துங்க. வீட்டில் யாரும் படம் பார்க்காத, எதையும் பதிவிறக்காத நேரமாகப் பாருங்க. speedtest.net திறந்து மூன்று முறை அளந்து, மூன்றையும் எழுதிவையுங்க. அந்தப் பக்கம் தேர்ந்தெடுத்த சர்வரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்க. பிறகும் அதே சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, அதே மடிக்கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வைஃபையிலேயே மூன்று முறை.

கடைசியாகக் கேபிள். ஒரு முனை மடிக்கணினியில், மறுமுனை ரூட்டரின் லான் துளைகளில் ஒன்றில். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வான் துளையைத் தொட வேண்டாம். அது ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளுக்கு. மடிக்கணினியின் வைஃபையைக் கட்டாயம் அணைத்துவிடுங்க. இல்லாவிட்டால் எந்த வழியாக அளக்கிறீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபடியும் மூன்று முறை.

எல்லாம் ஒரே கருவியில் நடப்பது முக்கியம். அறையில் கைத்தொலைபேசியிலும் கூடத்தில் மடிக்கணினியிலும் அளந்தால், இடத்தின் வித்தியாசமா, கருவியின் வித்தியாசமா என்று தெரியாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பழைய நாலறை வீவக வீடு என்று வைத்துக்கொள்வோம். ரூட்டர் கூடத்தில், தொலைக்காட்சி அலமாரிக்குள். மாணவியின் அறை வீட்டின் மறுகோடியில். திட்டம் 1 ஜிபிபிஎஸ்.

அறையில் வைஃபை: 62, 48, 71 எம்பிபிஎஸ்.
ரூட்டர் பக்கத்தில் வைஃபை: 540, 515, 560.
கேபிளில்: 936, 931, 938.

இந்த ஒன்பது எண்களே கதையைச் சொல்லிவிடுகின்றன. லைன் முழு வேகத்தில் வருகிறது. ரூட்டரும் நன்றாக இருக்கிறது. அலமாரிக்கும் அறைக்கும் நடுவில்தான் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போகிறது. இந்த வீட்டில் 10 ஜிபிபிஎஸ் போட்டாலும் அறையில் 60 சொச்சம்தான் வரும்.

"கேபிளிலும் 1000 வரவில்லையே, ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்கலாம். இல்லை. கேபிளில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் முகவரி, சரிபார்ப்பு எண், இடைவெளி என்று ஏறக்குறைய 6 விழுக்காடு போய்விடுகிறது. ஆகவே 1 ஜிபிபிஎஸ் துளையில் சுமார் 940தான் உச்சம். அதைப் பார்த்தால் திருப்தியடையலாம்.

அதேபோல ரூட்டர் பக்கத்தில் 540 வந்ததும் கோளாறு அல்ல. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்கும். கருவியில் காட்டும் இணைப்பு வேகத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு கையில் கிடைத்தாலே நல்ல வைஃபை.

94 என்று வந்தால் அவசரப்படாதீங்க

இந்தச் சோதனையில் பலரையும் தவறான முடிவுக்குத் தள்ளும் எண் ஒன்று உண்டு. கேபிளில் அளந்ததும் 94 அல்லது 95 எம்பிபிஎஸ். மூன்று முறையும் அசையாமல் அதே எண். உடனே "லைன்தான் மோசம்" என்று நிறுவனத்தை அழைத்துச் சண்டை போடத் தோன்றும்.

மேலே பார்த்த கணக்கை நினைத்துப் பாருங்க. 1000க்கு 940 என்றால், 100க்கு 94. அதாவது உங்கள் கேபிள் இணைப்பு 1000இல் அல்ல, 100இல் ஓடுகிறது.

ஏன் அப்படி? கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக இருக்கும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். நாற்காலிச் சக்கரம் ஏறி ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, முனையில் ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலோ, இரு பக்கக் கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்யும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் யாருக்கும் கேபிள்மீது சந்தேகம் வருவதில்லை.

விண்டோஸில் Settings திறந்து, Network & internet, பிறகு Ethernet போங்க. Link speed என்ற வரியில் 1000/1000 (Mbps) என்று இருக்க வேண்டும். 100/100 என்றால் வேறு கேபிளை மாட்டுங்க. பிறகு ரூட்டரில் வேறு துளை. பிறகு வேறு அடாப்டர். இவை எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் 1000 வராவிட்டால்தான் ரூட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள சிறிய கேபிளுக்கும் இதே நோய் வரலாம். அப்போது மடிக்கணினியில் 1000 என்று காட்டும், ஆனால் அளந்தால் 94 வரும். வீடு முழுவதும், எல்லாக் கருவிகளிலும் வேகம் 90 சொச்சத்தில் முட்டி நின்றால் முதலில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்க. ரூட்டரை இடம் மாற்றியபோது பழைய கேபிள் ஒன்றை எடுத்து மாட்டியிருக்கலாம்.

10 ஜிபிபிஎஸ் திட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் இதே தர்க்கம். மடிக்கணினியின் துளை 1 ஜிபிபிஎஸ் என்றால் 940க்கு மேல் காட்டாது. அதை வைத்து லைனைக் குறை சொல்ல முடியாது. நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024இல் அறிவித்தது. வாசல் வரை வேகம் வந்துவிடும். வாசலுக்கு உள்ளே இருக்கும் கேபிளும் துளையும் வைஃபையும் நம் பொறுப்பு.

வைஃபைதான் என்றால்?

நம் வீடுகளின் அமைப்பே பாதிக் காரணம். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கும். இரும்புக் கம்பி நிறைந்த தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. பலரும் அதை ஸ்டோர் ரூமாக்கி, "கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும்" என்று ரூட்டரையும் அதற்குள் வைத்துவிடுகிறார்கள். வைஃபைக்கு அதைவிட மோசமான இடம் வீட்டிலேயே கிடையாது.

சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளில் பிரச்சினை வேறு மாதிரி. அகலம் குறைவு, நீளம் அதிகம். ஃபைபர் முன்பக்கம் முடிந்து, நீங்கள் மேல்மாடியின் பின்னறையில் இருந்தால், அலை செங்கல் சுவர்களையும் தளத்தையும் தாண்டி வர வேண்டும்.

அடுத்த காரணம் அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். புளோக்கில் உங்களுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் இருக்கும் எல்லா வீடுகளும் அந்த மூன்றைத்தான் பங்குபோடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அறையில் சமிக்ஞை குறைந்ததும் கருவி தானாகவே 2.4க்கு மாறிவிடுவதுண்டு. வைஃபை சின்னத்தில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும், வேகம் மட்டும் இருக்காது.

எதில் இருக்கிறீர்கள் என்று விண்டோஸ் 11இல் பார்க்க, Terminal திறந்து இதைத் தட்டுங்க. இடத் தகவலுக்கு அனுமதி கேட்டால் கொடுங்க.

```
netsh wlan show interfaces
```

Band என்ற வரியில் 2.4 GHz என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

செலவில்லாத மருந்து ரூட்டரை அலமாரியிலிருந்தும் ஷெல்டரிலிருந்தும் வெளியே எடுத்து, உயரமாக, வீட்டின் நடுப்பக்கமாக வைப்பது. வைத்தபின் அறையில் மறுபடி மூன்று முறை அளங்க. 60 என்பது 200 ஆனால் பலருக்கு அதற்குமேல் தேவையே இல்லை. 4கே படம் ஒன்றுக்கு 25 எம்பிபிஎஸ் போதும்.

அது போதாவிட்டால் மெஷ். கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடிய விஷயம் ஒன்று: மெஷ் பெட்டிகள் தங்களுக்குள்ளும் வைஃபையிலேயே பேசிக்கொண்டால், அதே காற்றில் ஒரே தகவல் இருமுறை போகிறது. வேகம் பாதியாகக்கூடும். இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால் அந்த இழப்பு இல்லை. புதிய பிடிஓ வீடுகளில் அறைச் சுவரிலேயே நெட்வொர்க் துளை இருக்கும். பலர் அதைத் தொலைபேசித் துளை என்று நினைத்துக் கட்டிலால் மறைத்துவிடுகிறார்கள். ஒருமுறை தேடிப் பாருங்க.

வேகம் சரி, ஆனால் உறைகிறதே?

ஸூம் உறைவதும் விளையாட்டில் லாக் அடிப்பதும் எப்போதும் வேகக் குறைவால் அல்ல. தகவல் போய்வர எடுக்கும் நேரம் திடீர் திடீரென்று எகிறினாலும் அப்படி ஆகும். வேகச் சோதனை காட்டும் சராசரியில் அது தெரியாமல் போகலாம்.

அதற்கு இரண்டு ஜன்னல்கள் திறங்க. ஒன்றில் ரூட்டரை விசாரியுங்க. மற்றொன்றில் வெளியுலகை.

```
ping -t 192.168.1.1
```

```
ping -t 8.8.8.8
```

முதல் எண் ரூட்டரின் முகவரி. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். ipconfig என்று தட்டினால் Default Gateway என்ற வரியில் தெரியும். மேக் கணினியில் -t தேவையில்லை. நிறுத்த Ctrl+C.

இரண்டையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு time என்ற எண்ணைக் கவனியுங்க. ரூட்டருக்குப் போய்வர 2 அல்லது 3 மில்லிவினாடி ஆவது இயல்பு. அதுவே அவ்வப்போது 150, 300 என்று குதித்து, அதே நொடியில் இரண்டாம் ஜன்னலும் குதித்தால், கோளாறு உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவில். கேபிளைச் செருகி மறுபடி பாருங்க. குதிப்பது நின்றால் அது வைஃபைதான், சந்தேகமே இல்லை.

ரூட்டர் அமைதியாக 1, 1, 1 என்று இருக்க, வெளியுலகம் மட்டும் குதித்தால் பிரச்சினை ரூட்டருக்கு அப்பால். நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன், வீட்டில் யாருடைய தொலைபேசியாவது ஆயிரம் படங்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்க. மேலே ஏறும் வழி நிரம்பினால் மற்ற எல்லாமே வரிசையில் நிற்கும்.

கேபிளிலும் எல்லாம் கச்சிதம், ஒரு விளையாட்டு மட்டும் மெதுவா? அதன் சர்வர் எங்கே இருக்கிறது என்று பாருங்க. சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவே 140 மில்லிவினாடி. கேபிள்கள் கடலுக்கடியில் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். எந்தத் திட்டம் வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது.

கேபிளிலும் மெதுவா?

Link speed 1000 காட்டுகிறது, கேபிளை மாற்றியாகிவிட்டது, வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் 180, 210, 160தான் வருகிறது. இப்போது லைன் அல்லது ரூட்டர்.

ரூட்டரையும் ஓஎன்டியையும் மின்சாரத்தை அணைத்துப் போட்டு அளந்து பாருங்க. ஓஎன்டி தனிப்பெட்டியாக இருந்தால் இன்னொரு படியும் உண்டு. ரூட்டரை விட்டுவிட்டு மடிக்கணினியை நேராக ஓஎன்டியில் செருகி, ஓஎன்டியை மறுதொடக்கம் செய்து அளப்பது. அங்கே 930 வந்தால் குற்றவாளி ரூட்டர். ஆனால் எல்லா நிறுவனங்களின் இணைப்பும் இப்படி வேலை செய்யாது. ரூட்டரின் தடுப்பு இல்லாமல் மடிக்கணினி நேராக இணையத்தில் நிற்கும் என்பதால், ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அளந்ததும் கழற்றிவிடுங்க.

சுவர்ப் பெட்டியிலிருந்து ஓஎன்டிக்குப் போகும் மெல்லிய கம்பியையும் பாருங்க. உள்ளே இருப்பது கண்ணாடி. சோபா நசுக்கியிருந்தாலோ, கூர்மையாக மடங்கியிருந்தாலோ, ஒளி கசிந்துவிடும். மடிப்பை மெதுவாக நேராக்கலாம். கழற்றி முனையைக் கண்ணால் பார்க்க வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும். ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்குச் சோதனை தேவையில்லை, நேராக அழைத்துவிடுங்க.

கேபிள் சோதனையை ஒருமுறை காலை 7 மணிக்கும் ஒருமுறை இரவு 9 மணிக்கும் செய்யுங்க. காலையில் 930, இரவில் 250 என்று சில நாள் தொடர்ந்தால் உங்கள் வீட்டில் கோளாறு இல்லை. மாலையில் எல்லோரும் ஒன்றாக வரும்போது நிறுவனத்தின் பக்கத்தில் எங்கேயோ நெரிசல்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் முதல் கேள்வி "வைஃபையிலா பார்த்தீங்க?" என்றுதான் வரும். "ஆமா" என்றால் ரூட்டரை மறுதொடக்கம் செய்யச் சொல்லி முடித்துவிடக்கூடும். "கேபிள்ல, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, லிங்க் 1000 காட்டுது, காலையில இவ்வளவு, ராத்திரி இவ்வளவு, மூணு நாளா" என்று சொல்லி, திரைப்படங்களையும் அனுப்புங்க. அந்த நிறுவனம் தன் இணையப்பக்கத்தில் வெளியிட்டிருக்கும் வழக்கமான வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்க. அப்போது அவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது லைனைச் சோதிப்பது அல்லது தொழில்நுட்பரை வீட்டுக்கு அனுப்புவது. எந்தத் தேதியில் என்று அந்த அழைப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்க.